கலவைத் தாள் 4: பதினோராம் தரம், கணிதம்

பிள்ளைகள், இந்தத் தாளில் எந்தக் கணக்குக்கு மேலேயும் அலகின் பெயர் இல்லை, வேண்டுமென்றேதான் எடுத்துவிட்டேன். ஒரே அலகில் இரண்டு கணக்கு வந்தாலும் பக்கத்தில் பக்கத்தில் வராது.

ஏன் என்று சொல்கிறேன். விருத்திகள் அலகு முடிந்த கையோடு கொடுத்த பயிற்சியில் பன்னிரண்டு கணக்கையும் சரியாகச் செய்த ஒரு பிள்ளை, பத்து நாள் கழித்துக் கலவைத் தாளில் 2, 6, 18 என்று போகும் விருத்தியைக் கண்டதும் பொது வித்தியாசம் 4 என்று எழுதிவிட்டு மளமளவென்று கூட்டிக்கொண்டே போனார். அவருக்குச் சூத்திரம் தெரியாமல் இல்லை, இரண்டு சூத்திரமும் தலைகீழாகப் பாடம். எந்த இடத்தில் எது என்று தெரிவுசெய்யும் வேலையை அதுவரை அவர் செய்ததே இல்லை, ஏனென்றால் பயிற்சியின் தலைப்பே அந்த வேலையைச் செய்துகொடுத்துவிடும். சாதாரண தர முதலாம் தாளில் 25 குறுவினாக்களும் 5 அமைப்பு வினாக்களும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வரும், அங்கே தலைப்புப் போட்டுத் தர ஆள் இல்லை.

ஆகவே ஒரு விதி. கணக்கை வாசித்ததும் பேனையை எடுத்து இடதுபக்க ஓரத்தில் இது என்ன வகை என்று ஒரு சொல் எழுதுங்கள், அப்புறம்தான் செய்கை. அந்தச் சொல்லுக்கு 1 புள்ளி, செய்கைக்கு 4. மொத்தம் 50 புள்ளி, நேரம் 60 நிமிடம். ஒன்றில் மாட்டிக்கொண்டால் விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். தேவைப்படும் இடத்தில் π = 22/7 என்று கொள்க.

வினாக்கள்

1. உருளை வடிவக் கிணறு ஒன்றின் உள்விட்டம் 2.8 m. தண்ணீர் 5 m ஆழத்துக்கு நிற்கிறது. நிமிடத்துக்கு 220 லீற்றர் இறைக்கும் மோட்டரைப் போட்டால் கிணறு வற்ற எவ்வளவு நேரம் எடுக்கும்? (ஊற்றுத் தண்ணீரைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.)

2. முக்கோணக் காணி ஒன்றில் பனம்விதை நடுகிறார்கள். முதல் வரிசையில் 3, இரண்டாவதில் 6, மூன்றாவதில் 9 என்று 20 வரிசை. மொத்தம் எத்தனை விதை வேண்டும்?

3. கூடையில் 6 கருத்தக்கொழும்பானும் 4 அம்பலவியும் இருக்கின்றன. எழுமாறாக ஒரு மாம்பழத்தை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றை எடுக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு இனமாக இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

4. O மையமான வட்டத்தில் A, B என்பன இரண்டு புள்ளிகள், கோணம் AOB = 130°. பெரிய வில்லில் C என்ற புள்ளி இருக்கிறது. A இலும் B இலும் வரைந்த தொடலிகள் T இல் சந்திக்கின்றன. ACB, ATB ஆகிய கோணங்களைக் காண்க. படத்தை நீங்களே கீற வேண்டும்.

5. வெங்காயத் தோட்டம் ஒன்றில் 9 பேர் 8 நாளில் கிண்டி முடிக்கலாம். 2 நாள் முடிந்ததும் 3 பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். வேலை எத்தனை நாள் பிந்தும்?

6. அக்கா 50 000 ரூபாவை ஆண்டுக்கு 10% எளிய வட்டிக்கு வைப்பிலிடுகிறார். தம்பி அதே தொகையை ஆண்டுக்கு 10% கூட்டு வட்டிக்கு வைப்பிலிடுகிறார். இரண்டு ஆண்டு முடிவில் தம்பிக்கு எவ்வளவு கூட வரும்?

7. செவ்வகப் பாத்தி ஒன்றின் நீளம் அகலத்திலும் 3 m கூட. மூலைவிட்டம் 15 m. சுற்றிவர வேலி அடைக்க எத்தனை மீற்றர் வேண்டும்?

8. ஒரு பிள்ளை உண்டியலில் முதல் நாள் 3 ரூபா, இரண்டாம் நாள் 6 ரூபா, மூன்றாம் நாள் 12 ரூபா என்று போட்டுக்கொண்டு போகிறார். எத்தனையாம் நாள் 384 ரூபா போடுவார்?

9. பனையோலைத் துண்டு ஒன்று 21 cm ஆரையும் 120° மையக்கோணமும் கொண்ட ஆரைச்சிறையாக வெட்டப்பட்டிருக்கிறது. (அ) அதன் சுற்றளவு என்ன? (ஆ) இரு நேர் ஓரங்களையும் பொருத்திக் கூம்பாக வளைத்தால் அடியின் ஆரை என்ன?

10. பனை ஒன்றின் அடியிலிருந்து 20 m தள்ளி நிற்கும் ஒருவருக்கு அதன் உச்சியின் ஏற்றக்கோணம் 31°. அவருடைய கண் நிலத்திலிருந்து 1.5 m உயரத்தில் இருக்கிறது. பனையின் உயரம் என்ன? (tan 31° = 0.6009)

விடைகள் (முழுவதும் செய்து முடித்த பிறகுதான்)

1. *கனவளவு.* 22/7 × 1.4 × 1.4 × 5 = 30.8 m³, அதாவது 30 800 லீற்றர். 220 ஆல் வகுக்க 140 நிமிடம், 2 மணி 20 நிமிடம். 2.8 ஐ அப்படியே வர்க்கித்தவர்களுக்கு நாலு மடங்கு நேரம் வந்திருக்கும்.

2, 8 இரண்டையும் சேர்த்தே பாருங்கள், இந்தத் தாளின் முக்கியமான இடமே இதுதான். முதல் இரண்டு எண்களும் 3, 6. மூன்றாவது எண்ணை வாசிக்காமல் வகையை எழுதினால் ஐம்பதுக்கு ஐம்பது அதிஷ்டம்தான். 2 இல் ஒவ்வொரு முறையும் 3 கூடுகிறது, *கூட்டல் விருத்தி*. கடைசி வரிசை 3 + 19 × 3 = 60, மொத்தம் 20/2 × (3 + 60) = 630. 8 இல் ஒவ்வொரு முறையும் இரட்டிக்கிறது, *பெருக்கல் விருத்தி*. 3 × 2ⁿ⁻¹ = 384, ஆகவே 2ⁿ⁻¹ = 128 = 2⁷, n = 8. எட்டாம் நாள். இன்னொன்றையும் கவனியுங்கள்: 2 கேட்டது கூட்டுத்தொகை, 8 கேட்டது எத்தனையாம் உறுப்பு என்று. வகை சரியாகப் பிடித்தவர்களும் இங்கே வழுக்குவார்கள்.

3. *நிகழ்தகவு, திரும்ப வைக்காதது.* சாப்பிட்ட மாம்பழம் கூடைக்குத் திரும்பாது, அதனால் இரண்டாம் தடவை பகுதி 9. 6/10 × 4/9 + 4/10 × 6/9 = 48/90 = 8/15.

4. *வட்டம்.* பரிதியில் உள்ள கோணம் மையக்கோணத்தின் பாதி, ACB = 65°. தொடலிக்கும் ஆரைக்கும் இடையே 90°, எனவே ATB = 360° − 90° − 90° − 130° = 50°.

5. *நேர்மாறு விகிதசமன்.* மொத்த வேலை 72 மனித நாள், செய்தது 18, மிச்சம் 54. 6 பேருக்கு 9 நாள். மொத்தம் 11 நாள், அதாவது 3 நாள் பிந்தும். விடையை 9 என்று விட்டவர்கள் கேள்வியின் கடைசி வரியைத் திரும்ப வாசியுங்கள்.

6. *வட்டி, இரண்டு வகையும்.* அக்காவுக்கு வட்டி 10 000. தம்பியின் பணம் 55 000, பிறகு 60 500, வட்டி 10 500. வித்தியாசம் 500 ரூபா, முதலாம் ஆண்டு வட்டியான 5000 க்குக் கிடைத்த 10% அது.

7. *பைதகரஸ், பிறகு இருபடிச் சமன்பாடு.* இரண்டு அலகு ஒரே கணக்குக்குள் ஒளிந்திருக்கிறது. x² + (x + 3)² = 225, சுருக்க x² + 3x − 108 = 0, (x + 12)(x − 9) = 0. அகலம் மறையாக இருக்காது, ஆகவே 9 உம் 12 உம். வேலி 42 m. ஓரத்தில் ஒன்றை மட்டும் எழுதியிருந்தாலும் அந்த 1 புள்ளியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

9. *ஆரைச்சிறை, கூம்பு.* வில் 1/3 × 2 × 22/7 × 21 = 44 cm. சுற்றளவு 44 + 42 = 86 cm, இரண்டு ஆரையையும் கூட்ட மறந்தவர்கள்தான் வழக்கமாக அதிகம். வளைக்கும்போது அந்த வில்தான் கூம்பின் அடி வட்டமாகிறது, 2 × 22/7 × r = 44, r = 7 cm. நம்பாவிட்டால் பேப்பரில் வெட்டி வளைத்துப் பாருங்கள்.

10. *திரிகோணகணிதம்.* 20 × 0.6009 = 12.018, கண் உயரத்தையும் கூட்ட ஏறத்தாழ 13.5 m.

திருத்தும்போது பிழைகளை இரண்டாகப் பிரித்து எழுதிக்கொண்டு வாருங்கள்: வகை பிழைத்தது, செய்கை பிழைத்தது. செய்கை பிழைத்ததை வீட்டில் நீங்களே இன்னொரு தடவை செய்யலாம். வகை பிழைத்த கணக்குகளைச் சனிக்கிழமை என்னிடம் காட்டுங்கள், ஐந்தாம் தாளில் அவற்றின் சோடிகளைத்தான் போடப்போகிறேன், 2 உம் 8 உம் போல, எண்ணைப் பார்த்தால் ஒன்று போலவும் வாசித்தால் வேறாகவும் இருக்கும்.