டிசிஎஸ் டிசம்பர் காலாண்டு முடிவுகள்: மூன்று வரிகளில்

டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலாண்டின் முடிவுகளை 2025 ஜனவரி 9 அன்று வெளியிட்டது. பத்து, இருபது பங்குகள் வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை:

வருவாய் 63,973 கோடி ரூபாய். இது ஓராண்டுக்கு முந்தைய இதே காலாண்டைவிட 5.6% அதிகம், ஆனால் செப்டம்பர் காலாண்டின் 64,259 கோடியைவிடச் சற்றுக் குறைவு.

நிகர லாபம் 12,380 கோடி ரூபாய். அறிவிப்பின்படி உயர்வு ஏறத்தாழ 12% என்றாலும், முந்தைய ஆண்டின் வழக்குச் செலவைக் கழித்துவிட்டு ஒப்பிட்டால் 5.5% மட்டுமே.

பங்கு ஒன்றுக்கு இடைக்கால ஈவுத்தொகை 10 ரூபாய், சிறப்பு ஈவுத்தொகை 66 ரூபாய், ஆக 76 ரூபாய். ஜனவரி 17 அன்று பங்குதாரர் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களுக்கு பிப்ரவரி 3 வழங்கும் நாளாக அறிவிக்கப்பட்டது.

இரண்டாம் வரிக்குச் சற்று விளக்கம் தேவை. அமெரிக்காவில் எபிக் சிஸ்டம்ஸ் நிறுவனம் தொடுத்த வழக்குக்காக டிசிஎஸ் 2023 டிசம்பர் காலாண்டில் 958 கோடி ரூபாயை ஒதுக்கியதால், அப்போதைய நிகர லாபம் 11,735 கோடியாக இருந்திருக்க வேண்டியது 11,058 கோடியாகக் குறைந்தது. தாழ்ந்துபோன அந்த எண்ணோடு ஒப்பிடுவதால்தான் இந்தக் காலாண்டின் வளர்ச்சி இரட்டிப்பாகத் தெரிகிறது. கணக்கில் தவறேதும் இல்லை. தலைப்புச் செய்தியை மட்டும் படிப்பவருக்கு இது தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

வருவாயைப் பொறுத்தவரை, நாணய மாற்று விகிதத்தின் ஏற்ற இறக்கத்தை நீக்கினால் ஆண்டு வளர்ச்சி 4.5%. அதிலும் இந்தியச் சந்தை 70.2% வளர்ந்திருக்க, வருவாயில் ஏறக்குறையப் பாதியைத் தரும் வட அமெரிக்கா 2.3% சுருங்கியிருக்கிறது. இந்தியாவின் இந்த வேகத்துக்கு பிஎஸ்என்எல் 4ஜி ஒப்பந்தமே பெரும் காரணம் என்பதால், அப்பணி முடிவடைந்தபின் அந்த இடத்தை எது நிரப்பும் என்பதே அடுத்த காலாண்டுகளில் கவனிக்க வேண்டியதாக இருந்தது. 1,020 கோடி டாலருக்குப் புதிய ஒப்பந்தங்கள் கிடைத்திருப்பது நல்ல செய்திதான். ஆயினும் அந்தத் தொகை பல ஆண்டுகளில் பிரிந்து வரக்கூடியது என்பதால் மூன்று வரிகளில் அதைச் சேர்க்கவில்லை.

ஈவுத்தொகைக்காக மட்டும் அப்போது பங்கு வாங்க நினைத்தவர்கள் ஜனவரி 16க்குள் வாங்கியாக வேண்டியிருந்தது. 17 அன்று ஈவுத்தொகையின் அளவுக்கு விலை சரிசெய்யப்படுவது வழக்கம் என்பதால் அதில் தனி ஆதாயம் இருந்திருக்காது. ஈவுத்தொகை உங்கள் வருமானத்தோடு சேர்ந்து உங்கள் வரி விகிதத்தின்படி வரிக்கு உட்படும். 2024-25 நிதியாண்டின் விதிப்படி, அந்த ஆண்டில் இந்நிறுவனத்திடமிருந்து பெற்ற தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால், 10% வரி முன்கூட்டியே பிடித்தம் செய்யப்பட்டு மீதியே வங்கிக் கணக்கில் வந்தது.