நினைவூட்டல்: 5ஆம் வகுப்பு பெற்றோர் – ஆசிரியர் சந்திப்பு, ஜூன் 21 சனிக்கிழமை

அன்பார்ந்த பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

மே மாத இறுதியில் பிள்ளைகளின் கையில் கொடுத்தனுப்பிய அறிவிப்பை ஒட்டி இந்த நினைவூட்டலை எழுதுகிறோம். மொரிஷியஸின் காத்ர் போர்னில் உள்ள நம் பள்ளியில், 5ஆம் வகுப்பின் இரு பிரிவுகளிலும் தமிழ் எடுத்துப் படிக்கும் 14 பிள்ளைகளின் வீட்டாருக்கான தமிழ் வடிவம் இது. பிரெஞ்சு வடிவம் வாசல் பலகையில் இருக்கிறது. உங்களுக்குத் தமிழ் படிக்க வராவிட்டால் பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 5ஆம் வகுப்புப் பிள்ளையால் இதில் பாதிக்கு மேல் தட்டுத் தடுமாறியாவது படிக்க முடியும். எந்த இடத்தில் தடுமாறியது என்பதைக் கவனித்து வந்து சொன்னால் சந்திப்பின் முதல் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

நாள்: 2025 ஜூன் 21, சனிக்கிழமை
வகுப்பு: 5, இரு பிரிவுகளும்
பொதுக்கூட்டம்: காலை 9.00 முதல் 9.40 வரை, பள்ளி மண்டபத்தில்
தனிச் சந்திப்பு: வகுப்பு ஆசிரியரிடம் 9.45 முதல் 12.45 வரை, தமிழ் ஆசிரியரிடம் 10.00 முதல் 12.00 வரை
இடம்: வகுப்பு ஆசிரியர்கள் அவரவர் அறையில், தமிழ் ஆசிரியர் மாடிப்படியை ஒட்டிய தமிழ் அறையில்

நேரச் சீட்டு பற்றி

ஆங்கிலம், பிரெஞ்சு, கணக்கு, அறிவியல் போன்ற பாடங்களை வகுப்பு ஆசிரியரே நடத்துகிறார். தமிழுக்குத் தனி ஆசிரியர். அதனால் நீங்கள் இரண்டு மேசைகளுக்குப் போக வேண்டும், சீட்டும் இரண்டு. வகுப்பு ஆசிரியரிடம் ஆளுக்கு 6 நிமிடம், தமிழ் ஆசிரியரிடம் 8 நிமிடம். இரண்டுக்கும் இடையே குறைந்தது 15 நிமிட இடைவெளி விட்டே நேரம் குறித்திருக்கிறோம். முதல் மேசையில் பேச்சு நீண்டால் இரண்டாவது சீட்டு வீணாகிவிடக் கூடாது என்பதே காரணம்.

எல்லோரும் 9 மணிக்கே வந்து வரிசையில் நின்றால் கடைசி ஆள் நண்பகல் வரை காத்திருக்க நேரும். பொதுக்கூட்டத்துக்கு வர இயலாதவர்கள் தங்கள் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்தால் போதும். உங்கள் நேரம் தவறிவிட்டால் அடுத்தவர் சீட்டுக்குள் நுழைய வேண்டாம். தனிச் சந்திப்பு நேரம் முடிந்த பிறகு அந்த ஆசிரியர் தனியாகப் பார்ப்பார்.

பிள்ளையின் வீட்டுப்பாடக் குறிப்பேட்டில் ஒட்டியுள்ள பதில் துண்டில் மூன்று நேரங்கள் இருக்கும். உங்களுக்கு வசதியான ஒன்றைச் சுழித்து, கையொப்பமிட்டு, ஜூன் 18 புதன்கிழமைக்குள் அனுப்பிவையுங்கள். துண்டு வராத வீட்டாருக்கு மீதியிருக்கும் நேரத்தை நாங்களே போட்டுவிடுவோம். அது பெரும்பாலும் கடைசி நேரமாகத்தான் இருக்கும்.

என்னவெல்லாம் பேசப் போகிறோம்

1. முதல் தவணைத் தேர்வுத் தாள்கள். மதிப்பெண் பட்டியல் ஏற்கெனவே உங்கள் கைக்கு வந்துவிட்டது, அதைத் திரும்பப் படிக்க நேரம் செலவிட வேண்டாம். விடைத்தாளைக் கொண்டுவாருங்கள். கணக்கில் ஒரு பிள்ளை பெருக்கலில் தவறியிருக்கும், இன்னொன்று பெருக்கலைச் சரியாகச் செய்துவிட்டுக் கேள்வியின் ஆங்கிலம் புரியாமல் தவறான எண்களைப் பெருக்கியிருக்கும். மதிப்பெண் இரண்டுக்கும் ஒன்றாக இருக்கலாம், வைத்தியம் வேறு. தாளைப் பார்க்காமல் அதைச் சொல்ல முடியாது. இரண்டாம் தவணைத் தேர்வுக்கு முன்பே இந்தச் சந்திப்பை வைத்திருப்பதும் அதற்காகத்தான்: இப்போது தெரிந்தால் சரிசெய்ய வாரங்கள் இருக்கின்றன.

2. தமிழ் வாசிப்பும் எழுத்தும். நீண்ட நேரம் பேச வேண்டியது இதைப் பற்றித்தான், 8 நிமிடம் ஒதுக்கியதும் இதற்கே.

வீட்டில் கிரியோல் பேசும் பிள்ளை தமிழில் செய்யும் பிழைகள் கவனக்குறைவால் வருபவை அல்ல. கிரியோலில் நாக்கை மடித்துச் சொல்லும் ஒலி இல்லை. அதனால் 'பட்டு' என்பதும் 'பத்து' என்பதும் பிள்ளையின் காதில் ஒன்றாகவே விழுகின்றன. 'வீடு' என்பதை 'வீது' என்று எழுதிவிட்டு எங்கே பிழை என்று கேட்கும். ண, ள இரண்டிலும் இதே கதை. பிரெஞ்சுப் பாடத்தில் தொண்டையிலிருந்து வரும் 'ர'வைப் பழகிய நாக்கு 'மரம்' என்று சொல்லும்போதும் தொண்டைக்கே போகிறது. குறிலும் நெடிலும் குழம்பினால் 'பல்' வலிக்கு 'பால்' வலி என்று எழுதிவைக்கும்.

வாக்கியத்தில் இன்னொரு சிக்கல். கிரியோலில் மோ அலே, தோ அலே, லி அலே என்று யார் போனாலும் வினைச்சொல் மாறுவதில்லை. தமிழில் நான் போனேன், நீ போனாய், அவன் போனான். இதை விளக்காமல் சிவப்பு மையில் அடித்துக்கொண்டே போனால் பிள்ளைக்குத் தமிழ் மேல் வெறுப்புதான் மிஞ்சும். 'நான் போனேன் கடைக்கு' என்று எழுதுவதும் கிரியோல் வரிசைதான். அதை வகுப்பில் நாங்கள் திருத்திக்கொள்கிறோம், வீட்டில் கண்டிக்க வேண்டாம்.

தமிழ் தெரியாத பெற்றோர் என்ன செய்ய முடியும் என்று பலர் கேட்கிறீர்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளை விரலை எழுத்தின் கீழே வைத்து வாசிக்கட்டும், நீங்கள் விரலை மட்டும் பாருங்கள். விரல் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. வாசித்து முடித்ததும் என்ன கதை என்று கிரியோலிலேயே சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் எழுத்தைக் கூட்டியிருக்கிறது, பொருளைப் பிடிக்கவில்லை. புள்ளிகள் வைத்த பக்கத்தைச் சந்திப்புக்குக் கொண்டுவந்தால், எந்த எழுத்தில் நிற்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரே நாலைந்து எழுத்துகள்தான் திரும்பத் திரும்ப வரும்.

புத்தகம் பிடிக்க மறுக்கும் பிள்ளைக்கு உங்கள் பையிலிருக்கும் ரூபாய் நோட்டை நீட்டுங்கள். நம் நாட்டு நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. எங்கே இருக்கிறது, என்ன சொல்கிறது என்று தேடச் சொன்னால் போதும், விளையாட்டாகிவிடும்.

தாத்தா, பாட்டி, அத்தை, மாமா யாராவது தேவாரமோ திருப்புகழோ பாடுபவராக இருந்தால் அவரும் வரலாம். கோயிலில் காதால் கேட்டுப் பழகிய ட, ண, ழ வீட்டில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்.

3. அடுத்த ஆண்டு பி.எஸ்.ஏ.சி. நீங்கள் எழுதிய சி.பி.இ. தேர்வுக்குப் பதிலாக 2017 முதல் நடக்கும் தேர்வு இது. பிள்ளைகள் 6ஆம் வகுப்பு முடிவில் எழுதுவார்கள். தேர்வு முறையைத் தலைமையாசிரியர் பொதுக்கூட்டத்தில் விளக்குவார், கேள்விகளை அப்போதே கேளுங்கள். 6ஆம் வகுப்பிலும் தமிழைத் தொடர்வதா என்று தயங்குபவர்கள் தனிச் சந்திப்பில் மனம்விட்டுப் பேசலாம், வற்புறுத்த மாட்டோம். ஒரே வேண்டுகோள்: விட்டுவிடுவதென்று முடிவுசெய்தால் பிள்ளையின் தாளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பேச்சை வைத்து வேண்டாம்.

பெயர் எழுத்துக்கூட்டலையும் சரிபார்க்க வேண்டும். நம் தமிழ்ப் பெயர்கள் பழைய பதிவேடுகளில் எழுத்தர் காதில் விழுந்தபடி பதிவானவை. அண்ணன் பெயர் ஒரு மாதிரியும் தம்பி பெயர் வேறு மாதிரியும் இருக்கும் குடும்பங்கள் உண்டு. பள்ளிப் பதிவேடும் பிறப்புச் சான்றிதழும் ஓரெழுத்துகூட வேறுபடக் கூடாது. சான்றிதழின் நகல் ஒன்று கொண்டுவாருங்கள், அசல் வேண்டாம்.

4. விடுபட்ட பாடங்கள். புயல், கனமழை எச்சரிக்கையால் பள்ளி மூடிய நாட்களின் பாடங்களில் எதை முடித்தோம், எது பாக்கி என்ற பட்டியலை வகுப்பு ஆசிரியர் தருவார்.

5. லெசோன். தனி வகுப்பு வைப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். வைத்திருந்தால் எந்தப் பாடத்துக்கு, எத்தனை நாள் என்று மட்டும் சொல்லுங்கள். மாலை முழுதும் லெசோனில் உட்கார்ந்த பிள்ளை காலை முதல் மணியில் கண்ணைத் திறந்து வைக்கவே பாடுபடுவதை நாங்கள் பார்க்கிறோம்.

6. குளிர்காலம். இந்த மேட்டு நிலத்தில் ஜூன், ஜூலைக் காலைகள் ஈரமும் குளிருமாக இருக்கும். ஸ்வெட்டரில் பெயர் எழுதி அனுப்புங்கள். காய்ச்சலோடு பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

கொண்டுவர வேண்டியவை: விடைத்தாள்கள், ரிப்போர்ட் புக், தமிழ்ப் பாடநூல், புள்ளி வைத்த பக்கம், பிறப்புச் சான்றிதழ் நகல், ஒரு பேனா. பிள்ளையையும் அழைத்துவாருங்கள். தமிழ் மேசையில் ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்வோம். திட்டுவதற்காக அல்ல என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள், வாசலிலேயே அழும் பிள்ளைகள் உண்டு. பிறகு நீங்கள் பேசும்போது அது நூலக அறையில் இருக்கலாம். கைக்குழந்தையோடு வருபவர்களை வரிசையில் முன்னால் விடுகிறோம்.

பொதுக்கூட்டத்தில் ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்லிப் புகார் பேச வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். சண்டை, கேலி, காணாமல் போன பொருள் போன்றவற்றை வகுப்பு ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். 6 நிமிடம் போதாது என்றால் வார நாளில் வேறு நேரம் தருவார்.

சனிக்கிழமை காத்ர் போர்ன் சந்தையில் காய்கறி நாள். 9 மணிக்குள் தெரு நிரம்பிவிடும். பள்ளி முற்றத்தில் கார் நிறுத்த இடமில்லை, அயல் வீட்டு வாசலை மறித்து நிறுத்த வேண்டாம். மெட்ரோவிலோ பேருந்திலோ வந்து நடந்தால் நேரம் மிச்சம். நடக்க இயலாத பெரியவர்களைப் பின்வாசலில் இறக்கிவிடலாம், காவலரிடம் சொல்லிவைத்திருக்கிறோம். படி ஏற முடியாதவர்கள் பதில் துண்டில் குறிப்பிட்டால் தமிழ் ஆசிரியர் கீழே வந்து சந்திப்பார்.

அன்று வேலைக்குப் போக வேண்டியவர்கள் துண்டின் பின்பக்கம் எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் ஜூன் 24 செவ்வாய், 26 வியாழன் இரு நாட்களிலும் பள்ளி விட்ட பிறகு 15 நிமிடம் ஒதுக்கியிருக்கிறோம். அண்ணன், அக்காவை மட்டும் அனுப்பினால் தாளைக் காட்டுவோம், ஆனால் முடிவெடுக்க வேண்டிய எதையும் அவர்களிடம் பேச இயலாது.

பெற்றோர் சங்கத்தார் தேநீரும் காத்தோ பிமாவும் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சூடாக இருக்கும்போது சாப்பிட வேண்டுமானால் பொதுக்கூட்டத்துக்கே வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
5ஆம் வகுப்பு ஆசிரியர்கள், தமிழ் ஆசிரியர்
தலைமையாசிரியர் ஒப்புதலுடன்
2025 ஜூன் 16