வீட்டு ஆய்வு அறிக்கைக்கான முகப்புக் கடிதம்: குரோம்பேட்டை, இரண்டாம் மாடி அடுக்ககம்

ஆய்வு நடந்த நாள்: 9-11-2024, சனிக்கிழமை
கட்டடம்: தரைத்தளமும் இரண்டு மாடியும், 8 வீடுகள், 2007இல் கட்டியது
வீடு: மேல்மாடி, 980 சதுர அடி, இரண்டு படுக்கையறை

வணக்கம் மேடம்,

நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டைப் பற்றி இத்துடன் உள்ள அறிக்கை 41 பக்கம், 63 குறைகள். 63 என்ற எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். பதினேழு வயதான எந்தக் கட்டடத்தைத் தட்டிப் பார்த்தாலும் ஏறக்குறைய இவ்வளவு வரும். திருகு தளர்ந்த கதவுக் கொண்டியும் அதில் ஒன்று, கம்பி துருப்பிடித்த பால்கனியும் அதில் ஒன்று. அறிக்கை அறை அறையாகப் போகும். எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

நீங்கள் இரண்டு முறை போன் செய்து கேட்டது ஹால் சுவர் விரிசலைப் பற்றி. அது அவசர வரிசையில் கடைசி. உங்கள் கண்ணில் படாத குளியலறை பிளக் பாயிண்ட்தான் முதல். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறோம். பார்க்க எவ்வளவு மோசமாக இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

முதலாவது: உயிர் ஆபத்து. மின் எர்த் (பக்கம் 9, படம் 14 முதல் 19)

இரண்டு குளியலறைகளிலும் கீசர் பாயிண்டுக்கு எர்த் வரவில்லை. பொது குளியலறையில் சாக்கெட்டைத் திறந்து பார்த்தபோது எர்த்துக்கான பச்சை வயர் குழாய்க்குள்ளேயே வெட்டுப்பட்டு நிற்கிறது. அதற்குப் பதிலாக நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு இரண்டு அங்குலத் துண்டு வயரை வளைத்து முடுக்கியிருக்கிறார்கள். மூன்று விளக்கு உள்ள சாதாரண சாக்கெட் டெஸ்டரைச் செருகினால் "எல்லாம் சரி" என்றுதான் காட்டும். நியூட்ரலையும் எர்த்தையும் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. அந்த லைனில் நியூட்ரல் எங்காவது தளர்ந்து விட்டுப்போனால், கீசர் ஓடும்போது அதன் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறும். ஈரக் கையோடு நிற்பவர் குழாயைத் தொட்டாலே போதும்.

வீட்டின் எல்லா லைனும் பிரியும் டிபி பாக்ஸில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபியும் இல்லை. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. "ஆர்சிசிபி ஒன்று மாட்டிவிடுகிறேன், பிரச்சினை தீர்ந்தது" என்று எலக்ட்ரீஷியன் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்தத் துண்டு வயர் இருக்கும் வரை, கீசரில் கசியும் கரண்ட் நியூட்ரல் வழியாகவே திரும்பிவிடும். போன கரண்டும் வந்த கரண்டும் சமமாக இருப்பதால் அந்தக் கசிவை ஆர்சிசிபி உணராது. ஆகவே வேலை இந்த வரிசையில் நடக்க வேண்டும்: துண்டு வயரை எடுப்பது, டிபியிலிருந்து இரண்டு கீசர் பாயிண்டுக்கும் 2.5 ஸ்கொயர் எம்.எம். பச்சை வயர் புதிதாக இழுப்பது; வீட்டின் எல்லா மூன்று முள் சாக்கெட்டிலும் எர்த் தொடர்பை மீட்டரால் அளப்பது; கடைசியில் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டுவது. மாட்டிய பிறகு அதிலுள்ள டெஸ்ட் பட்டனை உங்கள் எதிரிலேயே அழுத்தச் சொல்லுங்கள், டக்கென்று விழ வேண்டும்.

அதே ஆளிடமே ஏசி லைனையும் கொடுத்துவிடுங்கள். பெரிய படுக்கையறையில் 2.5 ஸ்கொயர் எம்.எம். வயருக்கு 32 ஆம்பியர் எம்சிபி போட்டிருக்கிறார்கள். வயர் தாங்காத அளவு கரண்ட் போனாலும் இந்த எம்சிபி விழாது, சுவருக்குள் வயர்தான் வெந்துபோகும். முனை ஏற்கெனவே பழுப்பேறியிருக்கிறது (படம் 19). கருகிய நுனியை வெட்டிவிட்டு 20 ஆம்பியர் எம்சிபி போட்டால் போதும்.

எல்லாம் சேர்த்து ஒன்றரை நாள் வேலை, 18,000 முதல் 25,000 ரூபாய்க்குள் முடியும். இப்போது அங்கே வாடகைக்கு இருப்பவர்களிடம் அன்றே சொல்லி, இரண்டு கீசரையும் அணைத்து சுவிட்சின் மேல் டேப் ஒட்டிவிட்டு வந்தோம். வீட்டு உரிமையாளருக்கும் எழுத்தில் தெரிவித்தாயிற்று. வாடகைக்காரர்கள் அந்த வீட்டில் இருக்கும் வரை இது அவர்களுக்கும் ஆபத்து, ஆகவே நீங்களும் ஒரு முறை நினைவுபடுத்துங்கள்.

இரண்டாவது: அக்ரிமென்ட்டுக்கு முன் விடை தெரிய வேண்டியது. பால்கனி (பக்கம் 15, படம் 24 முதல் 31)

பால்கனி சுவரிலிருந்து நாலு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லாப். அதன் அடிப்பக்கத்தை முதல் மாடி பால்கனியில் நின்றால் பார்க்கலாம். வெளி விளிம்பில் இரண்டு அடிக்கு ஒரு அடி கான்கிரீட் பெயர்ந்து மூன்று 8 எம்.எம். கம்பிகள் தெரிகின்றன. துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு அளந்தால் 7.1 எம்.எம். நிற்கிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு இரும்பு போய்விட்டது. கம்பிக்குக் கீழே 15 முதல் 20 எம்.எம். கான்கிரீட் மூடியிருக்க வேண்டிய இடத்தில் 8 முதல் 10 எம்.எம்.தான் இருக்கிறது. தண்ணீர் வெளியேறும் ஓட்டை அடைபட்டு, மழைத் தண்ணீர் டைல்ஸ் மேலேயே தேங்கி வருடக்கணக்கில் உள்ளே இறங்கியிருக்கிறது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் கான்கிரீட்டைத் தள்ளும்.

இனி, பயத்தைச் சரியான அளவில் வைக்கும் விஷயம். இப்படி நீட்டிக்கொண்டு நிற்கும் ஸ்லாபில் பாரம் தாங்கும் முக்கியக் கம்பி மேல் பக்கத்தில் இருக்கும். நாம் பார்த்த அடிப்பக்கக் கம்பி துணைக் கம்பி. ஆகவே கீழே கெட்டிருப்பதால் பால்கனி விழப்போகிறது என்று பொருளில்லை. ஆனால் மேல் கம்பி எப்படி இருக்கிறது என்பது டைல்ஸ் மறைப்பதால் தெரியவில்லை. இந்த அறிக்கையில் விடை கிடைக்காத பெரிய கேள்வி இது ஒன்றுதான்.

விடை காண்பது எளிது. சுவரை ஒட்டி, பால்கனி கதவின் இரு பக்கமும் ஒவ்வொரு டைல்ஸ் எடுத்து, கான்கிரீட்டைக் கம்பி வரை லேசாகக் கொத்திப் பார்க்க வேண்டும். ஒரு மணி நேர வேலை, உரிமையாளர் அனுமதி மட்டும் வேண்டும். கம்பி சாம்பல் நிறத்தில் இருந்து, சுவரோரமாக நீளவாக்கில் விரிசல் இல்லையென்றால் வெறும் பழுதுபார்ப்புதான்: தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் 20 எம்.எம். வரை கொத்தி எடுத்து, கம்பியைப் பளபளவென்று தேய்த்து, ஜிங்க் பிரைமர் அடித்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, பாலிமர் மார்ட்டரை அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். மேலே சரிவு திருத்தி வாட்டர்ப்ரூஃபிங். 30,000 முதல் 40,000 ரூபாய் ஆகலாம். மேல் கம்பியிலும் துரு இருந்தால் அக்ரிமென்ட்டைத் தள்ளிவையுங்கள், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு பேசலாம்.

வெறும் சிமெண்ட் பூச்சு பூசி வெள்ளையடித்துத் தருகிறேன் என்று உரிமையாளர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதே இடத்தில் பழைய ஒட்டு ஒன்று ஏற்கெனவே பெயர்ந்து கிடக்கிறது (படம் 27). கண்ணுக்கு மறைந்தாலும் உள்ளே துரு நிற்காது. வேலை முடியும் வரை கீழ் வீட்டார் அந்த விளிம்புக்கு அடியில் நிற்க வேண்டாம், துணி காயப்போடவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம்.

மூன்றாவது: யார் செலவு என்று எழுதி வாங்க வேண்டியது. மொட்டை மாடி (பக்கம் 20)

வடகிழக்குப் படுக்கையறை மூலையில் சீலிங் ஈரம், வெள்ளை உப்புப் பூத்திருக்கிறது. மழை நாளில் பார்த்ததும் நல்லதாகப் போயிற்று. மேலே ஏறிப் பார்த்தால் மழைநீர்க் குழாய் வாயில் இலைக் குப்பை, தட்டோட்டின் மேல் முக்கால் அங்குலத் தண்ணீர், கைப்பிடிச் சுவரின் அடியில் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. குப்பையை இன்றே அள்ளலாம். இணைப்புப் பூச்சும் தட்டோட்டுச் சந்துகளும் ஜனவரிக்குப் பிறகு, தளம் நன்றாகக் காய்ந்ததும்தான் செய்ய வேண்டும். அதற்கு முன் உள்ளே புட்டி வைத்துப் பெயின்ட் அடித்தால் அடுத்த மழையில் உரியும்.

மொட்டை மாடி பொதுச் சொத்து. ஆனால் பழைய அசோசியேஷன்களில் "ஒழுகுவது மேல்மாடிக்காரர் பாடு" என்று கைவிரிப்பதுண்டு. எட்டு வீடும் பங்கிட்டுக்கொள்ளும் என்று அசோசியேஷனிடம் ஒரு கடிதம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

குடிபோன முதல் வருடத்துக்குள்

பொது குளியலறையில் தரைத் தண்ணீர் வெளியேறும் நஹானி ட்ராப்பை அடைத்து நாலு மணி நேரம் தண்ணீர் நிறுத்தினோம். கீழ் வீட்டு சீலிங்கில் பழைய கறை இருக்கிறது, புதிதாகச் சொட்டவில்லை. டைல்ஸ் சந்துகளைச் சுரண்டி எபாக்ஸி நிரப்பிவிடுங்கள். கீழே ஒழுகத் தொடங்கினால் செலவும் சண்டையும் உங்களுடையது. அதே குளியலறையின் மரச் சட்டத்தில் தரையோரம் கரையான். சட்டத்தை மாற்றி, சுவரோரம் துளையிட்டு மருந்து ஏற்ற வேண்டும். போர் தண்ணீரில் கரைந்த உப்பின் அளவான டிடிஎஸ், லிட்டருக்கு 1,380 மில்லிகிராம். குடிநீருக்கு 500க்குள் இருப்பது நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2,000 வரை அனுமதி. குடிக்க ஆர்ஓ, கீசருக்கு வருடம் ஒரு முறை உப்பு நீக்கம்.

ஹால் விரிசல் (பக்கம் 33, படம் 52)

பீம் அடியிலிருந்து நாலு அடிக்கு நேராக இறங்குகிறது, அகலம் 0.3 எம்.எம். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டிலேயே போகிறது. வெயிலில் இரண்டும் ஒரே அளவு விரிவதில்லை, பூசும்போது அந்தச் சந்தில் வலை வைக்காமல் விட்டதால் பூச்சு பிளந்திருக்கிறது. தூணில் விரிசல் இல்லை, துருக்கறை இல்லை. ஹாலின் 16 அடி நீளத்துக்கும் லேசர் வைத்துப் பார்த்ததில் தரை மட்டம் 6 எம்.எம். மட்டுமே மாறுகிறது, கதவுகள் எதுவும் பிடிக்கவில்லை. ஜன்னல் மூலையிலிருந்து படிபடியாகச் சாய்வாக ஏறும் விரிசல் ஒன்றுகூட இல்லை, கவலைப்பட வேண்டியது அந்த ரகத்துக்குத்தான். பெயின்ட் அடிக்கும்போது V வடிவில் கீறி, கிராக் ஃபில்லர் நிரப்பி, ஆறு அங்குல ஃபைபர் வலை ஒட்டினால் முடிந்தது. மன நிம்மதிக்கு விரிசலின் கீழ் நுனியில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதியிருக்கிறோம். ஆறு மாதம் கழித்து அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தால் சொல்லுங்கள்.

மீதிக் குறைகள் தச்சரும் பிளம்பரும் ஒரு நாளில் முடிக்கக்கூடியவை. பத்திரம், வில்லங்கம், திட்ட அனுமதி இந்த ஆய்வில் அடங்காது, அதை வக்கீல் பார்க்க வேண்டும்.

அக்ரிமென்ட் 20ஆம் தேதி என்றீர்கள். உரிமையாளரிடம் இன்றைக்கே பால்கனி டைல்ஸ் எடுக்க அனுமதி கேளுங்கள். 16ஆம் தேதி சனிக்கிழமை காலை 10 மணிக்கு ஆளோடு வருகிறோம், அன்று மாலைக்குள் பால்கனிக்கான பக்கத்தைத் திருத்தி அனுப்பிவிடுவோம். அதுவரை அட்வான்ஸ் எதுவும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆய்வுப் பொறியாளர்கள்