மாசி மாசத்து மீன் எண்ணுற பாட்டு

வா ராசா, பாய் விரிச்சாச்சு. மொட்டை மாடித் தரை இன்னும் வெதுவெதுன்னு இருக்கு பாரு. குதிக்கணுமா? குதி. பாட்டு முதல்ல வேகமாத்தான் ஓடும், நீயும் கூட ஓடு. அப்பத்தா மெதுவாக்குனா நீயும் மெதுவாகணும். அவ்வளவுதான் ஆட்டம். சரியா? ம்… கைய தட்டு!

குதிகுதி குதிகுதி குட்டிக் காலே,
குதிச்சது பத்தலையா சுட்டிக் காலே?
தண்ணித் தொட்டியச் சுத்தியாச்சு,
தலகாணி ரெண்டையும் குத்தியாச்சு,
படிக்கட்டு பூராவும் ஏறியாச்சு,
பாட்டையா முதுகிலயும் ஏறியாச்சு,
பாலும் குடிச்சுப் பல்லும் தேச்சு
பாயில உருண்டு பத்து நாழியாச்சு!
மேல பாரு, மேல பாரு,
மீனு மொளச்சது எத்தன பேரு?
எல்லாம் எண்ண நமக்கு ஏலாது,
ஏழு எட்டுன்னா தப்பே வராது!

ஒண்ணு ஒண்ணு ஒண்ணே ஒண்ணு,
உச்சிக்குத் தெற்கே பாரு கண்ணு!
வெள்ளையும் நீலமும் வெட்டி வெட்டி
வெளிச்சம் போடுது கண்ணக் கொட்டி.
எல்லா மீனிலும் இதுதான் மினுக்கு,
எட்டிப் புடிச்சா எனக்கா உனக்கு?
எனக்கும் வேணாம் உனக்கும் வேணாம்,
இருந்த இடத்துல இருக்கட்டும் விடலாம்!

ரெண்டு ரெண்டு ரெட்டைப் புள்ள,
ரெண்டுக்கும் நடுவுல சண்டையே இல்ல.
தலைக்கு மேல பக்கம் பக்கமா
தம்பியும் அண்ணனும் நிக்குது ஒழுங்கா.
புனர்பூசம்னு பேரு அதுக்கு,
பொறுமையா ஒரு தடவ சொல்லு எனக்கு.

பு…னர்…பூ…சம். அதேதான்! ராமர் பொறந்த நட்சத்திரம். இப்ப உக்காந்துக்கோ. மடியில வேணாம், பக்கத்துல. கால் மட்டும் ஆடட்டும்.

மூணு மூணு சேந்தாப்ல மூணு,
முட்டாம மோதாம நிக்குது காணு.
ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணு இருக்கும்,
ஓரமாப் போகாம நேரா இருக்கும்.
விரல நீட்டு, தொட்டுத் தொட்டு
ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு தட்டு.

நாலு நாலு, சுத்தி நாலு,
நடுவுல மூணு, ஓரத்துல நாலு.
கட்டிலு போட்டு வெச்சிருக்கு,
காலு நாலும் தெரிஞ்சிருக்கு.
அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு,
அங்கிட்டும் இங்கிட்டும் உருளும் நீ ஒண்ணு.
கட்டிலில் ஒரு காலு மட்டும் செவப்பு,
கண்டியா? திருவாதிரை அந்தச் செவப்பு.

“அது ஏன் அப்பத்தா ஆடுது?”

அது ஆடல ராசா. அது அதுபாட்டுக்கு நிக்குது. அதுக்கும் நமக்கும் நடுவுல காத்து இருக்குல்ல, அந்தக் காத்துதான் அலையுது. அதுக்குள்ள நுழைஞ்சு வர்ற வெளிச்சம் நெளிஞ்சு நெளிஞ்சு வருது. மீனுக்கு ஒண்ணும் இல்ல. சமத்தா இருக்கு. நீயும் படு. போர்வை கழுத்து வரைக்கும் வேணாம்னா இடுப்பு வரைக்கும். கொசு கடிச்சா சொல்லு, விசிறி அப்பத்தா கையிலதான் இருக்கு.

அஞ்சு… அஞ்சு… மேற்கால அஞ்சு,
அதுல ஒண்ணு மட்டும் செவந்து நிக்குது.
ரோகிணி அது…
முன்னோருக்கு வண்டி அது…
வண்டி போகுது மெதுவா,
வழியில பள்ளம் இல்ல.
கட கட இல்ல,
சலங்கை இல்ல.
மாடும் இல்ல…
வண்டி மட்டும் போகுது,
மெதுவா…
மெதுவா…

ஆறு… ஆறு…
அதுக்கும் கீழ ஆறு.
கூட்டமா இருக்கும்,
கொசகொசன்னு இருக்கும்.
கார்த்திகை அது.
முருகனுக்கு ஆறு அம்மா.
ஒருத்தி பாலு குடுத்தா,
ஒருத்தி தூக்கி வெச்சுக்கிட்டா,
ஒருத்தி தலைய கோதுனா,
ஒருத்தி பாட்டு பாடுனா,
ஒருத்தி விசிறி விட்டா,
ஒருத்தி…
ஒருத்தி சும்மா பாத்துக்கிட்டே இருந்தா.
உனக்கு ஒரே அம்மா,
ஒரு அப்பத்தா.
போதும்ல?

போதுமாம். சரி, இப்ப தலைய அந்தப் பக்கம் திருப்பு. வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவுல, எதுத்த வீட்டுத் தென்னை தெரியுதுல்ல? அங்கதான் ஏழு வரும். இப்பவே எல்லாம் வந்துடாது. முதல்ல நாலு வரும், அப்புறம் வாலு மூணு. ஒண்ணு ஏறி, அடுத்தது ஏறி, கடைசி வாலு ஏறி வர நேரம் புடிக்கும். நாம அவசரப்படுத்த முடியாது. படுத்துக்கிட்டே காத்திருக்கணும்.

ஏழு…
ஏழு ரிஷி…
எந்திரிச்சு வாராக.

ஒருத்தர்
வந்தாச்சு.

ரெண்டாவது ஆளு
வந்தாச்சு.

மூணாவது ஆளு…
நாலாவது ஆளு…
வந்து நிக்கிறாக.

அஞ்சாவது ஆளு
தென்ன ஓலைக்குள்ள.
ஓலை அசையட்டும்.
நீ அசைய வேணாம்.

ஆறாவது ஆளு
வசிட்டர்.
பக்கத்துல அருந்ததி.
ரொம்பச் சின்ன மீனு.
ஆடிக்கிட்டே பாத்தா
தெரிய மாட்டா.
அசையாம
பாத்தா
தெரிவா.
அவதான்
எட்டு.

ஏழாவது ஆளு
இன்னும் வரல.
வரட்டும்.

என்ன, கண்ணக் கசக்குற? எண்ணத் தெரியும்னு சொன்னியே, இன்னொரு தரம் எண்ணலாமா? இந்தத் தடவ வாயத் தொறக்காம, மூச்சு விடும்போது மட்டும். அப்பத்தா சொல்றேன். நீ மூச்சு விடு.

ஒண்ணு…
வலது காலு
கீழ வை.

ரெண்டு…
இடது காலும்
கீழ வை.

மூணு…
முட்டி
நீட்டிக்கோ.

நாலு…
கட்டில்ல
கையப் போடு.

அஞ்சு…
அஞ்சு விரலு.
விரிச்சு
விடு.

ஆறு…
வயிறு ஏறுது.
வயிறு இறங்குது.
ஏறுது…
இறங்குது…

ஏழு…
வாலு…
வருது…

எட்டு
நாளைக்கு.