காந்திமதி – சிவசைலம் திருமண அழைப்புக் காணொளி: குரலும் திரையும்

(படம் தொகுக்கும் தம்பிக்கு: அச்சுப் பத்திரிகையை அப்படியே வாசித்துப் பதிவு செய்து பார்த்தோம். ஒரே மூச்சில் இருபது பெயர் ஓடியது. ஆச்சிக்கு எது பெண் வீடு, எது மாப்பிள்ளை வீடு என்று பிடிபடவில்லை. அதனால் முன்னெழுத்துகளை விரித்து, முக்கியமான பெயர்கள் இரண்டு முறை காதில் விழும்படி மாற்றி எழுதியிருக்கிறேன். குரல் என்னுடையது. நாகஸ்வரம் அடியில் மெல்லக் கேட்டால் போதும்.)

திரை: கோரைப்பாய் நெய்யும் கைகள். பாயின் நடுவில் நெய்த எழுத்துகள்: காந்திமதி, சிவசைலம்.

குரல்: வணக்கம். நெல்லையப்பர், காந்திமதி அம்மன் திருவருளால் எங்கள் வீட்டில் திருமணம். நான் பெண்ணின் தாய்மாமன், மேலச்செவல் நெல்லையப்பன். என் அத்தான் ஆறுமுகம், அக்கா கோமதி சார்பில் உங்களை அழைக்கிறேன்.

திரை: பெண்ணின் படம். கீழே "மணமகள்" என்று பெரிய எழுத்தில்.

குரல்: மணமகள் காந்திமதி. பத்தமடை தெய்வத்திரு பரமசிவம், திருமதி பிச்சம்மாள் ஆகியோரின் மகன்வழிப் பேத்தி. மேலச்செவல் தெய்வத்திரு சண்முகம், திருமதி உலகம்மாள் ஆகியோரின் மகள்வழிப் பேத்தி. ஆறுமுகம், கோமதி தம்பதியரின் இளைய மகள், திருநிறைச்செல்வி காந்திமதி.

(அச்சில் "திருவளர்" என்று விழுந்துவிட்டது. இவள் கடைக்குட்டி, இந்த வீட்டின் கடைசிக் கல்யாணம், "திருநிறை"தான் சரி. திரையிலும் அப்படியே போடவும்.)

திரை: மாப்பிள்ளையின் படம். கீழே "மணமகன்".

குரல்: மணமகன் சிவசைலம். ஆழ்வார்குறிச்சி தெய்வத்திரு சிவசைலம், திருமதி பிரமு அம்மாள் ஆகியோரின் மகன்வழிப் பேரன். தாத்தாவின் பெயரையே பேரனுக்கும் வைத்திருக்கிறார்கள். சுப்பிரமணியன், பரமகல்யாணி தம்பதியரின் மூத்த மகன், திருவளர்ச்செல்வன் சிவசைலம்.

(தாத்தா பெயர் வரும்போது அவருடைய பழைய கறுப்பு வெள்ளைப் படம் வரவேண்டும். "தெய்வத்திரு சிவசைலம்" என்ற எழுத்தின் மேல் தவறிக்கூட மாப்பிள்ளை படம் வந்துவிடக் கூடாது. சம்பந்தி வீட்டில் யார் முகத்திலும் விழிக்க முடியாது.)

திரை: இரண்டு படங்களும் அருகருகே.

குரல்: மீண்டும் ஒருமுறை. பத்தமடை ஆறுமுகம், கோமதி மகள் காந்திமதி. ஆழ்வார்குறிச்சி சுப்பிரமணியன், பரமகல்யாணி மகன் சிவசைலம். இவர்கள் இருவருக்கும் நிகழும் பராபவ வருடம் ஆவணி மாதம் 7ஆம் நாள், ஆங்கிலத் தேதி 2026 ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை, காலை 7.30 மணிக்கு மேல் 9 மணிக்குள் திருமணம். இடம், பத்தமடை மேலத் தெரு, மணமகள் இல்லத்துப் பந்தல்.

திரை: தேதியும் நேரமும் மட்டும். வேறு பூவேலை வேண்டாம்.

குரல்: ஆகஸ்ட் 23, ஞாயிறு காலை, பத்தமடை. முந்தைய நாள் சனிக்கிழமை மாலை 6.30 மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு. அப்போதே வந்துவிட்டால் எங்களுக்கு இன்னும் மகிழ்ச்சி.

திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்திலிருந்து பத்தமடை வழியாகப் பாபநாசம் செல்லும் பஸ்ஸில் வரலாம். ரயிலில் வருகிறவர்கள் சேரன்மகாதேவியில் இறங்கினால், அழைத்துவர வண்டி நிற்கும்.

திரை: வாழையிலை. சொதி ஊற்றும் கரண்டி, ஓரத்தில் இஞ்சிப் பச்சடி.

குரல்: மறுநாள் திங்கட்கிழமை, ஆகஸ்ட் 24, மதியம் 12 மணிக்கு ஆழ்வார்குறிச்சியில் மாப்பிள்ளை இல்லத்தில் மறுவீடு. சொதிச் சாப்பாடு. கல்யாணத்துக்கு வந்துவிட்டுச் சொதிக்கு நிற்காமல் ஊர் திரும்புகிறவர்கள் மேல் பரமகல்யாணி மதினிக்கு வருத்தம் உண்டாகும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

திரை: பெண் வீட்டார் அனைவரும் திண்ணையில்.

குரல்: தங்கள் வரவை எதிர்பார்க்கும் ஆறுமுகம், கோமதி. ஆச்சிமார் பிச்சம்மாள், உலகம்மாள். பெண்ணின் அக்கா மீனா, அத்தான் கணபதி, தென்காசி. தாய்மாமன் நெல்லையப்பன், அத்தை செல்வி, மேலச்செவல். தொலைவில் இருக்கும் சொந்தங்களும் நண்பர்களும் இதையே நேரில் வந்து அழைத்ததாக ஏற்றுக்கொண்டு, குடும்பத்துடன் வந்து மணமக்களை வாழ்த்தவேண்டும்.

திரை: கடைசிப் பலகை, பத்து விநாடி அசையாமல்.
காந்திமதி – சிவசைலம்
23.8.2026, ஞாயிறு, காலை 7.30 – 9.00
மேலத் தெரு, பத்தமடை

(பத்து விநாடியைக் குறைக்கவேண்டாம். பெரியவர்கள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்ளவே ஐந்து விநாடி ஆகும். இன்னொன்று: முடிந்ததும் எனக்கு மட்டும் அனுப்பவும், குடும்பக் குழுவில் போடவேண்டாம். பங்காளிகளுக்கும் சம்பந்திகளுக்கும் வெற்றிலை பாக்குடன் நேரில் போய் அழைத்து முடிக்க இன்னும் பதினோரு வீடு பாக்கி இருக்கிறது. அதற்கு முன் இந்தக் காணொளி அவர்கள் கண்ணில் பட்டால் அத்தான் என்னைச் சும்மா விடமாட்டார்.)