சித்தி எதுக்கு குலசேகரத்துக்குப் போறா?

(ஆறு வயசுப் பிள்ளைக்கு, படுக்கும்போது அம்மை வாசிச்சுக் காட்டுவதற்காகப் பெரியம்மை எழுதித் தந்தது. ரெண்டு ராத்திரிக்கு வரும்.)

மக்களே, நேத்து நீ அடுக்களை நடையில நின்னு ஒரு கேள்வி கேட்டியாம். "சித்திக்கு இங்க கட்டில் இருக்கு, தலையணை இருக்கு, என்கூட படுக்கவும் செய்யுகா. பின்ன எதுக்குக் கல்யாணம் பண்ணி வேற வீட்டுக்குப் போணும்?" எல்லாரும் "வளந்தா தெரியும்"னு சொல்லிச் சிரிச்சாவளாம். அது பதிலே இல்ல. நான் சொல்லுகேன், கேளு. இடையில கேள்வி வந்தா அம்மையை நிறுத்திக் கேக்கலாம்.

நீயும் அம்மையும் அப்பாவும் தம்பியும் ஒரு வீட்டு ஆட்கள். நீ பிறந்த அன்னைக்கே அப்படி ஆயிட்டுது. "இந்தத் தம்பி வேணுமா?"ன்னு உங்கிட்ட யாரும் கேக்கல்ல. கேட்டிருந்தா நீ என்ன சொல்லியிருப்பன்னு எனக்குத் தெரியும். கல்யாணம் அப்படி இல்ல. வேற வேற வீட்டுல பிறந்து வளந்த ரெண்டு பெரியவங்க, "இனி நாம ரெண்டு பேரும் ஒரு வீட்டு ஆட்கள்"னு அவங்களே யோசிச்சு முடிவு பண்ணுறது. அதுதான் கல்யாணம். மேளமும் பந்தலும் போளியும் அதுக்கு மேல வருகிற கொண்டாட்டம்.

முடிவு பண்ண நாள் பிடிக்கும். சித்தி கட்டிக்கப் போற குலசேகரத்து மாப்பிள்ளை முதல்ல அவிய அம்மைகூட நம்ம வீட்டுக்கு வந்தது உனக்கு ஞாபகம் இருக்கா? நீ ஏத்தங்காய் உப்பேரித் தட்டை உன் மடியில வச்சுக்கிட்ட. அந்த ஒரு நாள் பாத்ததுக்கே சித்தி சரின்னு சொல்லல்ல. பிறகு ஆறு மாசம் ரெண்டு பேரும் பேசினாவ. என்ன சாப்பிடப் பிடிக்கும், எதுக்குக் கோவம் வரும், சம்பளம் எவ்வளவு, கடன் இருக்கா, கல்யாணம் ஆனாலும் சித்தி ஆஸ்பத்திரி வேலைக்குப் போகலாமா, தாத்தாவுக்கு உடம்பு சரியில்லைன்னா ஓடி வரலாமா. எல்லாம் கேட்டா. அவிய சொன்ன பதில் அவளுக்குப் பிடிச்சுது. அவியகூடப் பேசினா அவளுக்குச் சிரிப்பு வருது. அதுக்குப் பிறகுதான் தாத்தாகிட்ட "சரி"ன்னா. அவ "வேண்டாம்"னு சொல்லியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும், யாரும் அவளைப் பிடிச்சுத் தள்ள முடியாது.

இப்ப உன் கேள்விக்கு வருவோம். பிடிச்சிருந்தா போன்லயே பேசிக்கிட்டு இருக்கலாமே, எதுக்கு ஒரே வீடு?

ஏன்னா பெரியவங்களுக்கு ஒரு நாள்ல நிறைய வேலை உண்டு. நீ பாக்கிறது பாதிதான். அவிய ரப்பர் பால் வெட்டப் போறவிய. வெயில் ஏறினா பால் சீக்கிரம் நின்னுரும், அதனால விடியுமுன்னே நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு தோட்டத்துக்குப் போகணும். மரத்துல கத்தியால சரிவா ஒரு கோடு. அந்தக் கோடு வழியா வெள்ளைப் பால் சொட்டுச் சொட்டா வந்து சிரட்டையில விழும். சொட்டி முடிஞ்ச பிறகு ஒவ்வொரு மரமா போய் வாளியில எடுக்கணும், ஆசிட் ஊத்தி உறைய வைக்கணும், மெஷின்ல போட்டு ஷீட்டா அடிக்கணும். வீடு வந்து சேரும்போது மணி பதினொண்ணு ஆயிரும். சித்தி காலையில எட்டு மணிக்குத் தக்கலை பஸ்ஸைப் பிடிச்சா சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் திரும்புவா.

அப்ப அந்த வீட்டுல யாரு என்ன செய்யணும்? அவங்க ஏற்கெனவே பேசி வச்சாச்சு. காலையில தோசையும் சட்னியும் சித்தி. மத்தியானம் சோறும் மீன் கறியும் அவிய. (சாளை நல்லா வைப்பாவளாம். தின்னு பாத்துட்டு நீ எனக்குச் சொல்லு.) பாத்திரம் கழுவுறது, ராத்திரி சமையல் பண்ணாதவங்க. துணி துவைக்கிறது ஞாயித்துக்கிழமை, ரெண்டு பேரும். தண்ணி மோட்டார் போடுறது அவிய, அணைக்கிறது சித்தி. இந்தக் கடைசி ஏற்பாடு சரியா வராதுன்னு நான் இப்பவே சொல்லியாச்சு. ஒருத்தர் போட்டு இன்னொருத்தர் அணைக்கணும்னா ஒரு நாள் டேங்க் நிரம்பி மொட்டைமாடி எல்லாம் ஆறா ஓடும். போட்டவங்களே அணைக்கணும்.

இதே வேலையை ஒரு ஆள் தனியாவும் செய்யலாம். செய்யுறவங்களும் இருக்காவ. ஆனா ரெண்டு பேர் இருந்தா ஒருத்தர் கை ஓயும்போது இன்னொருத்தர் கை இருக்கும். மழைக்காலத்தை நினைச்சுப் பாரு. நம்ம ஊருல ஆனியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. மரம் நனைஞ்சிருந்தா பால் அந்தக் கோட்டுல நிக்காம பட்டை மேல பரவி வழிஞ்சு போயிரும், சிரட்டைக்குள்ள மழைத்தண்ணிதான் கிடக்கும். அன்னைக்கு வெட்டு இல்ல, கூலியும் இல்ல. அந்த மாசம் வீட்டு வாடகை சித்தி சம்பளத்துல போகும். இன்னொரு நாள் சித்திக்குக் காய்ச்சல் வரும். அப்ப கஞ்சி வச்சு, சிறுபயறு வேகவச்சு, மாத்திரை எடுத்துக் குடுத்து, நெத்தியைத் தொட்டுப் பாக்க அவிய பக்கத்துல இருக்கணும். போன்ல நெத்தியைத் தொட முடியாதுல்லா?

இது வேலைக் கணக்கு மட்டும்தான்னு நினைச்சிராத. வேலை இல்லாத நேரமும் உண்டு. ராத்திரி நடையில உக்காந்து கட்டங்காப்பி குடிச்சுக்கிட்டு, பஸ்ல நடந்தது, ஆஸ்பத்திரியில நடந்தது எல்லாம் சொல்லணும்னு தோணும். தினமும் கேக்க ஒரே ஆள் இருந்தா பாதிக் கதை சொன்னாலே போதும், மீதி அவங்களுக்குத் தெரியும். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழட்டுமுன்னே அம்மைகிட்ட பேசத் தொடங்குவியே, அது மாதிரிதான். பெரியவங்களுக்கும் அது வேணும்.

(முதல் ராத்திரி இங்க நிறுத்தலாம்.)

சண்டை வருமா? வரும். உப்புக்கு வரும். சித்தி கறியில உப்பு போட்டுட்டு குளிக்கப் போவா, போடல்லன்னு நினைச்சு அவியளும் ஒரு கரண்டி போடுவாவ. ஃபேன் வேகத்துக்கு வரும். யார் வீட்டுக்கு எந்த ஞாயித்துக்கிழமை போறதுன்னும் வரும், அதுதான் பெரிய சண்டை. சண்டை வந்தா கல்யாணம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, யாராவது ஒருத்தர் வந்து "நான் சொன்னது தப்பு"ன்னு சொல்லணும். ஆனா கை நீட்டி அடிக்கிறது சண்டை இல்ல, அது தப்பு. சித்தியை யாரும் அடிக்கக் கூடாது, சித்தியும் யாரையும் அடிக்கக் கூடாது. அப்படி ஒண்ணு நடந்தா அவ நேரா இங்க வந்துரலாம். கட்டிலும் தலையணையும் அப்படியேதான் கிடக்கும். எவ்வளவு முயற்சி பண்ணியும் சேந்து இருக்க முடியாம சிலர் பிரிஞ்சு போறதும் உண்டு. உன் வகுப்புல அம்மைகூட மட்டும் இருக்கிற பிள்ளைங்க இருப்பாவ. அதுவும் வீடுதான், அவங்ககிட்ட "உங்க அப்பா எங்க?"ன்னு நோண்டி நோண்டிக் கேக்காத.

கல்யாணத்தன்னைக்கு என்ன நடக்கும்னு சொல்லுகேன், நீ முன்னால உக்காந்து பாக்கலாம். தோவாளையில இருந்து மாலை வரும். அதுல மாணிக்க மாலைன்னு ஒண்ணு உண்டு. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை, மூணையும் மடிச்சு மடிச்சு வரிசையாக் கட்டினா பாய் மாதிரித் தட்டையா இருக்கும், கல்லு பதிச்ச மாதிரி மினுங்கும். கையை வச்சு நிமிண்டாத, ஒரு பூ வந்தா அந்த வரிசையே நெகிழ்ந்துரும். ரெண்டு பேரும் மாலை மாத்துவாவ. தாலி கட்டும்போது மூணு முடிச்சு. அப்ப மேளம் சத்தமா அடிக்கும், காதைப் பொத்திக்கோ, பயப்படாத. அத்தனை பேரைக் கூப்பிட்டு வச்சுக் கட்டுறது எதுக்குன்னா, "நாங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம்"னு சொல்லுறதை எல்லாரும் பாக்கணும். நாளைக்கு மறந்து போனா ஞாபகப்படுத்த ஆள் வேணும்லா.

உன் கூட்டுக்காரி வீட்டுல அவ மாமனுக்குக் கோயில்லயா நடந்துது? சர்ச்சுல. அங்க சாமியார் ரெண்டு பேருகிட்டயும் தனித்தனியா "சம்மதமா?"ன்னு கேப்பாவ, சத்தமா பதில் சொல்லணும். திருவிதாங்கோட்டுல நம்ம தையல்கார மாமா வீட்டுல நிக்காஹ். அங்கயும் பொண்ணோட சம்மதம் கேக்கணும், மாப்பிள்ளை பொண்ணுக்கு மஹர்னு பணமோ நகையோ குடுக்கணும், சாட்சி வேணும். ஒரு சடங்கும் இல்லாம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து மட்டும் போட்டுக் கட்டிக்கிறவங்களும் உண்டு. சித்தியும் தாலி கட்டின பிறகு ரிஜிஸ்டர் ஆபீஸ் போய்க் கையெழுத்து போடுவா, தமிழ்நாட்டுல எல்லாக் கல்யாணத்தையும் பதியணும்னு 2009-ல சட்டம் வந்திருக்கு. எந்த வீட்டுல எப்படி நடந்தாலும் "சம்மதமா?"ங்கிற கேள்வி அதுக்குள்ள இருக்கணும்.

நீ அப்பாவைக் கட்டிக்கப் போறதாச் சொன்னியாம். முடியாது மக்களே. அப்பா ஏற்கெனவே உன் ஆள், அதுக்குக் கல்யாணம் வேண்டாம். பிள்ளைங்களுக்குக் கல்யாணமே கிடையாது. பொண்ணுக்கு 18 வயசும் ஆணுக்கு 21 வயசும் ஆகணும்னு சட்டம். உனக்கு இன்னும் 12 வருஷம் கிடக்கு, அதுக்குப் பிறகும் வேணும்னாத்தான். கல்யாணமே வேண்டாம்னு சந்தோஷமா இருக்கிறவங்களும் ஊருல உண்டு. நம்ம பெரிய டீச்சர் இல்லியா?

கல்யாணம் ஆன உடனே பாப்பா வருமான்னு கேட்டியாம். தாலி கட்டினதால பாப்பா வராது. ரெண்டு பேரும் வேணும்னு நினைச்சு, பிறகு வந்தாலும் வரலாம், வராமலும் இருக்கலாம். வந்தா அம்மை வயித்துக்குள்ள பாப்பாவுக்குன்னு ஒரு பை இருக்கு, அதுல ஒன்பது மாசம் வளரும். சித்திகிட்ட "எப்ப பாப்பா?"ன்னு கேக்காத. அதைக் கேக்க ஊருல ஏகப்பட்ட பேர் இருக்காவ, நீ வேற வேண்டாம்.

இனி நீ உள்ளுக்குள்ள கேக்கிறது. சித்திக்கு உன்மேல உள்ள பிரியம் குறைஞ்சிருமா? அவ அவியளுக்குக் குடுக்கப் போறது உன் பங்குல இருந்து எடுத்தது இல்ல. ஆனா ஒண்ணு மாறும், அதை மறைக்க மாட்டேன். ராத்திரி உன் பக்கத்துல சித்தி இருக்க மாட்டா. முதல் ஒரு வாரம் கட்டில் பெருசாத் தெரியும். அழுகை வந்தா அழு, "பெரிய பிள்ளை அழக் கூடாது"ன்னு யாராவது சொன்னா எங்கிட்ட அனுப்பு. குலசேகரம் பஸ்ஸுல முக்கால் மணி நேரம்தான். மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கிழமை அவங்க இங்க, ஒரு ஞாயித்துக்கிழமை நாம அங்க. புதன்கிழமை ராத்திரி ஏழரைக்கு சித்தி போன் பண்ணுவா, அது உனக்கு மட்டும்.

அவியள என்ன கூப்பிடணும்னு கேட்டியே. சித்தப்பா. இப்பவே கூப்பிட்டாலும் தப்பில்ல, ஆனா அவிய வெட்கப்பட்டு சிவந்து போவாவ, பாத்துக்கோ.

தூங்கு. நாளைக்குக் காலையில பாவாடைக்கு அளவு எடுக்கப் போணும். பாக்கெட் வேணும்னு நீயே தையல்கார மாமாகிட்ட சொல்லு, நான் சொன்னா வைக்க மாட்டாவ.