வாரச் சுருக்கம்: மேலக்கரைப்பட்டி ஆரம்ப சுகாதார நிலையம், 11.11.2024 முதல் 17.11.2024 வரை

பெறுநர்: மாவட்ட சுகாதார அலுவலர், மாவட்ட மலேரியா அலுவலர், வட்டார மருத்துவ அலுவலர், மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர்

சார், மேடம் அனைவருக்கும் வணக்கம்.

ஆன்லைன் பதிவுகளை எல்லாம் வழக்கம்போல் ஏற்றிவிட்டோம். அவற்றைப் பார்த்தால் இங்கே எல்லாம் ஓரளவு சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும், அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன். அவசரமானது பாம்புக்கடி மருந்து, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விஷமுறிவு ஊசி மருந்து இருப்பு 4 குப்பி. திரையில் "கைவசம் உள்ளது" என்று காட்டும். ஆனால் ஒருவருக்கு முதல் தவணைக்கே 10 குப்பி வேண்டும், ஆக இன்றைய நிலையில் எங்களிடம் மருந்து இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வியாழன் அதிகாலை 4.30க்கு வயிற்று வலி என்று ஒரு விவசாயக் கூலித் தொழிலாளியைக் கூட்டி வந்தார்கள், 34 வயது. கடித்த தடம் எங்கேயும் இல்லை. தரையில் படுத்திருந்தார் என்பதையும், பேசும்போது இமை கீழே இறங்குவதையும் இரவுப் பணி செவிலியர் கவனித்து எனக்குப் போன் செய்தார். கட்டுவிரியன்தான் என்று வைத்தே சிகிச்சையை ஆரம்பித்தோம். தூளாக இருக்கும் மருந்தைக் குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். ஒவ்வொரு குப்பியிலும் நீர் விட்டு உள்ளங்கையில் மெதுவாக உருட்டிக் கரைக்க வேண்டும். இருந்த 14 குப்பியில் 10ஐ அப்படிக் கரைத்து ஏற்றி, 108ல் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினோம். நேற்று விசாரித்தேன், தேறி வருகிறாராம். நெல் அறுப்பு வரை இந்தப் பக்கம் இன்னும் கேஸ்கள் வரும், எனவே குறைந்தது 30 குப்பி வேண்டும்.

அடுத்தது நாய்க்கடி. இந்த வாரம் புதிதாக 17 பேர், அதில் 7 பேரைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரே நாய் கடித்திருக்கிறது. ஆழமான காயம் உள்ள 4 பேரை இம்யூனோகுளோபுலினுக்காகத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பியாயிற்று. தடுப்பூசி கையில் இருப்பது 6 குப்பி. ஒரு குப்பியில் 5 பேருக்குப் போடலாம் என்பது கணக்கு, ஆனால் ஐந்து பேரும் ஒரே நாளில் வந்தால்தானே? திறந்த குப்பியை மறுநாளுக்கு வைக்க முடியாது, ஒருவர் மட்டும் வந்தாலும் திறந்துதான் ஆக வேண்டும். பழைய ஆட்களின் 3, 7, 28ஆம் நாள் ஊசிகளையும் சேர்த்தால் வரும் வாரம் 41 ஊசிகள் இருக்கின்றன, அதற்கு 14 குப்பியாவது ஆகும். இண்டென்ட் போட்டால் "இருப்பு 26" என்று திரும்பி வருகிறது. அந்த 20 குப்பியை அக்டோபரில் பக்கத்து நிலையத்துக்குக் கைமாற்றாகக் கொடுத்துவிட்டோம், கையெழுத்து வாங்கிய ரசீது இருக்கிறது, ஆனால் அவர்கள் ஆன்லைனில் வரவு வைக்காததால் இன்னும் எங்கள் கணக்கிலேயே நிற்கிறது. யாரையும் குறை சொல்ல எழுதவில்லை, அவர்களுக்கும் ஆள் பற்றாக்குறைதான். மாவட்டத்திலிருந்து யாராவது ஒருவர் அந்த வரவைப் போட்டுக் கொடுத்தால் போதும்.

காய்ச்சல். மொத்த புறநோயாளிகள் 1,184 பேர், அதில் காய்ச்சல் 143 (போன வாரம் 96). டெங்குவுக்கு 31 மாதிரிகள் அனுப்பினோம், 5 பாசிட்டிவ். ஐந்துமே நெசவாளர் தெருவில், அடுத்தடுத்த வீடுகளில். வெள்ளிக்கிழமை சுகாதார ஆய்வாளருடன் நானும் போயிருந்தேன். மழையால் சாயப் பட்டறை வேலை நின்று, கழுவிக் கவிழ்க்காமல் விட்ட சிமென்ட் தொட்டிகளில் முழங்கால் அளவு தண்ணீர். டார்ச் அடித்தவுடன் புழுக்கள் அத்தனையும் கீழே ஓடுகின்றன. 64 வீடுகளில் 11ல் புழு இருந்தது. தொட்டிகளை அன்றே கொட்டவைத்தோம், வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்காமல் கூட நின்றார்கள். ஆனால் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் 10 பேருக்கு 4 பேர்தான் வருகிறார்கள், புழுக்கொல்லி மருந்தும் ஒன்றரை லிட்டர்தான் மிச்சம். மலேரியா அலுவலர் சார், ஒரு வாரத்துக்காவது 6 பேரைக் கூடுதலாக அனுப்புங்கள், புகை மருந்து இயந்திரமும் வேண்டும்.

இதில் எனக்கு உறுத்துவது முடிவு வரும் வேகம். எங்கள் லேப் டெக்னீஷியன் மாற்றுப்பணியில் இருப்பதால் வாரத்தில் செவ்வாய், வெள்ளி மட்டும் இங்கே. ரத்த அணுக்கள் எண்ணும் கருவிக்கு ரீஏஜென்ட் தீர்ந்து 9 நாள் ஆகிறது. திங்களன்று காய்ச்சலோடு வந்த 8 வயதுப் பிள்ளையின் டெங்கு முடிவு எனக்கு வியாழன் மாலைதான் கிடைத்தது, அதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளையை அன்றிரவே தலைமை மருத்துவமனையில் சேர்த்தோம், இப்போது நன்றாக இருக்கிறாள். தட்டணு எண்ணிக்கை பார்க்க மட்டும் 28 கிலோமீட்டர் பேருந்தில் போங்கள் என்று காய்ச்சல்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாதிப் பேர் போவதில்லை.

ஸ்க்ரப் டைபஸ் சந்தேகம் 3 பேர். ஒருவருக்கு அக்குளில் சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு தெளிவாக இருந்தது. டாக்ஸிசைக்ளின் கொடுத்ததில் மூவருக்குமே இரண்டு நாளில் காய்ச்சல் குறைந்துவிட்டது. மருந்து 400 கேப்சூல் இருக்கிறது, போதும்.

வயிற்றுப்போக்கு 19, அதில் 12 மேற்குக் காலனி. அங்கே தெருக் குழாய்த் தண்ணீரைக் குளோரோஸ்கோப்பில் பார்த்தால் மஞ்சளே ஏறவில்லை. தொட்டி இயக்குபவர் பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறார், பொய் சொல்லவில்லை. நாங்கள் கொடுத்த மூட்டைதான் ஈரச் சுவர் ஓரம் வாய் திறந்து கிடந்து வீரியம் போய்விட்டது. அது எங்கள் கவனக்குறைவு. புது மூட்டை கொடுத்து சனிக்கிழமை மறுபடி பார்த்ததில் நிறம் வந்தது. கைவசம் இனி 2 மூட்டைதான். ஓஆர்எஸ் 640 பாக்கெட், துத்தநாக மாத்திரை, பாராசிட்டமால் எல்லாம் இருக்கின்றன.

பிரசவம் 7, தாய் சேய் அனைவரும் நலம். ரத்த அழுத்தம் 160/110 இருந்த ஒரு கர்ப்பிணிக்கு மக்னீசியம் சல்பேட் முதல் டோஸ் போட்டு மேல்சிகிச்சைக்கு அனுப்பினோம். புதன் தடுப்பூசி முகாம்கள் திட்டப்படி நடந்தன. வியாழன் பகல் ஐந்தரை மணி நேரம் மின்சாரம் இல்லை, ஐஎல்ஆர் அதிகபட்சம் 7.2 டிகிரி வரை போனது, 8ஐத் தாண்டவில்லை. ஜெனரேட்டர் பேட்டரி செத்துவிட்டது, புதுசு கேட்டு ஆகஸ்ட்டிலிருந்து இது மூன்றாவது கடிதம்.

மெட்ஃபார்மின் 9 நாளைக்கு வரும். அதனால் மக்களைத் தேடி மருத்துவம் பயனாளிகளுக்கு ஒரு மாத மாத்திரைக்குப் பதில் 15 நாள் மாத்திரை கொடுக்கிறோம், அதே வீடுகளுக்குத் தன்னார்வலர்கள் மாதத்தில் இரண்டு முறை நடக்கிறார்கள். ஒரு பாட்டி 15 நாள் மாத்திரையை மாதம் முழுக்க நீட்டிக்க ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறார், சர்க்கரை 310. அம்லோடிபின் பிரச்சினை இல்லை.

கிடங்குப் பொறுப்பாளர் அவர்களுக்கு: நாளை திங்கள் காலை 9 மணிக்கு மருந்தாளுநர் பாஸ்புக்கோடும் கைமாற்று ரசீது நகலோடும் ஐஸ் பெட்டியோடும் உங்கள் வாசலில் இருப்பார். 30 குப்பி முடியாது என்றால் பாம்புக்கடி மருந்து 10 குப்பியாவது அவர் கையில் கொடுத்து அனுப்புங்கள், இன்று இரவு யாராவது வந்தால் 108ல் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மருத்துவ அலுவலர்,
மேலக்கரைப்பட்டி ஆரம்ப சுகாதார நிலையம்
17.11.2024, இரவு 7.40